சென்னை என்று தேர்ந்தெடுத்தால் என் தொகுதி வரவில்லை

கேள்வி: எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பெற்றோருடன் சென்னை முகலிவாக்கத்தில் நான்கு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். இணையத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றபோது மாவட்டம் சென்னை என்று கொடுத்தால் வரும் தொகுதிகளில் எங்கள் பகுதி எதில் அடங்கும் என்று தெரியவில்லை. வீட்டு உரிமையாளர் மதுரவாயல் என்கிறார், மாநகராட்சி ரசீதில் ஆலந்தூர் மண்டலம் என்று இருக்கிறது. என் ஆதாரிலும் பெற்றோரின் வாக்காளர் அட்டையிலும் இன்னும் கும்பகோணம் முகவரிதான். நான் எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஆவணத்தைக் கொடுப்பது? — ஒரு வாசகி, முகலிவாக்கம்

பதில்: உங்கள் தொகுதி ஆலந்தூர். தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் அதன் எண் 28. ஆனால் அதை நீங்கள் சென்னை மாவட்டத்தின் கீழ் எவ்வளவு தேடினாலும் காண முடியாது, ஏனெனில் தேர்தல் நிர்வாகத்தில் ஆலந்தூர் தொகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தின் கீழ் இருக்கிறது. படிவத்தின் தொடக்கத்தில் மாவட்டம் என்ற இடத்தில் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று நான்கு தொகுதிகள் வரும். அவற்றில் முதலாவது உங்களுடையது.

சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டும் ஒரு வீட்டுக்குக் காஞ்சிபுரம் மாவட்டமா என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. வட்டாட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், சென்னையின் புறநகர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான். இப்போதுள்ள தொகுதி எல்லைகள் 2008-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை ஆணையால் வகுக்கப்பட்டவை. அந்த ஆணை, ஒவ்வொரு தொகுதியிலும் எந்தெந்த வட்டம், வருவாய்க் கிராமம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி வார்டு ஆகியவை அடங்கும் என்பதை அன்றைய நிர்வாக எல்லைகளின்படி எழுதி வைத்தது. அன்று முகலிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. 2011-இல் சென்னை மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 வார்டுகளாக விரிந்தபோது முகலிவாக்கமும் பக்கத்து மணப்பாக்கமும் மாநகராட்சிக்குள் வந்தன. 2018-இல் சென்னை வருவாய் மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது ஆலந்தூர் வட்டமும் சென்னையோடு சேர்ந்தது. இந்த இரண்டு மாற்றங்களும் வரி, பட்டா, சான்றிதழ் போன்றவற்றை வேறு அலுவலகங்களுக்குக் கொண்டு சென்றனவே தவிர, தொகுதியின் எல்லைக் கோட்டைத் தொடவில்லை. அடுத்த மறுவரையறை நடக்கும் வரை அந்தக் கோடு அப்படியேதான் இருக்கும். அதனால்தான் மாநகராட்சிக்குள் வாழும் நீங்கள் மக்களவைத் தேர்தலில் தென்சென்னைக்கு அல்ல, ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்கு வாக்களிப்பீர்கள்.

இதிலிருந்து உங்கள் முகவரியின் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் தெளிவாகும். அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்துத் தொகுதியைத் தீர்மானிக்க முடியாது, அது தபால் பட்டுவாடாவுக்காக வகுக்கப்பட்டது. ஒரே குறியீட்டு எண்ணுக்குள் இரண்டு தொகுதிகள் வருவதும் உண்டு. மாநகராட்சி வார்டு எண்ணும் மண்டலப் பெயரும் இப்போதைய எல்லைகளைச் சொல்பவை. உங்கள் மண்டலமும் தொகுதியும் ஆலந்தூர் என்ற ஒரே பெயரில் இருப்பது தற்செயலான பொருத்தம்தான். பள்ளிக்கரணையில் இருப்பவர் பெருங்குடி மண்டலத்தைச் சேர்ந்தவர், ஆனால் பெருங்குடி என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே கிடையாது. அவர் சோழிங்கநல்லூர் தொகுதியின் வாக்காளர், அந்தத் தொகுதியும் திரையில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ்தான் வரும். உங்கள் வீட்டு உரிமையாளர் மதுரவாயல் என்று சொன்னதற்கும் காரணம் ஊகிக்கக் கூடியதே. முகலிவாக்கத்தை ஒட்டியுள்ள போரூர் மதுரவாயல் தொகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் தங்கள் வீட்டைப் பேச்சுவழக்கில் போரூர் என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். உங்கள் முகவரியிலும் "போரூர் அருகில்" என்று ஓர் அடையாளம் எழுதப்பட்டிருந்தால் அதை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விடுங்கள். சரிபார்க்க வருபவரை அது தவறான பக்கம் திருப்பிவிடும்.

நான் ஆலந்தூர் என்று சொன்னதை வைத்து மட்டும் படிவத்தை நிரப்பாதீர்கள். இரண்டு தொகுதிகள் சந்திக்கும் இடங்களில் தெருவின் ஒரு பக்கம் ஒரு தொகுதியிலும் மறுபக்கம் இன்னொன்றிலும் இருப்பதுண்டு. உங்கள் தெருவை நான் பார்த்ததில்லை. இதை உறுதி செய்ய எளிய வழி, அதே தெருவில் பல ஆண்டுகளாக இருந்து அங்கேயே வாக்களித்து வரும் ஒரு குடும்பத்தினரிடம் அவர்களுடைய வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு, electoralsearch.eci.gov.in தளத்தில் தேடிப் பார்ப்பது. விவரத்தில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும், வாக்குச்சாவடி வாரியாகப் பிரிக்கப்பட்ட வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும், வாக்குச்சாவடியின் பெயரும் வரும். அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பழைய முகவரியில் வாங்கிய அட்டையை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். உங்கள் பெற்றோரே அதற்கு உதாரணம்.

பாக எண் கிடைத்ததும் இன்னொரு படி செல்லுங்கள். voters.eci.gov.in தளத்தில் வாக்காளர் பட்டியலைப் பதிவிறக்கும் பகுதிக்குச் சென்று அந்தப் பாகத்தின் பட்டியலை எடுத்து, அதன் முதல் பக்கத்தை மட்டும் படித்தால் போதும். அந்தப் பாகத்தில் அடங்கும் பிரிவுகள் ஒவ்வொன்றும் தெருப் பெயரோடு அங்கே வரிசையாக இருக்கும். அதே பக்கத்தில் ஊர், அஞ்சலகம், காவல் நிலையம், வட்டம், மாவட்டம் ஆகியவையும் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் தெருவின் பெயர் அந்த வரிசையில் இருந்தால் வேறு சான்று தேவையில்லை. தெரு இருந்து உங்கள் வீட்டு எண்களின் வரிசை மட்டும் உள்ளே காணப்படவில்லை என்றால், தெரு இரண்டு பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த பாக எண்ணையும் திறந்து பாருங்கள். வாக்குச்சாவடிகளைச் சீரமைக்கும்போது பாக எண்கள் மாறும் என்பதால் எப்போதும் கடைசியாக வெளியிடப்பட்ட பட்டியலையே எடுக்க வேண்டும். எண் மாறினாலும் தொகுதி மாறாது. இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைத்துத் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

இனி, கும்பகோணமா சென்னையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதிவு பெற முடியும் என்கிறது. ஓர் ஊரில் வீடோ நிலமோ சொந்தமாக இருப்பது மட்டும் அங்கே பதிவு பெறப் போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான்கு ஆண்டுகளாக நீங்கள் உண்டு உறங்கிப் படித்து வருவது முகலிவாக்கத்தில் என்பதால் உங்கள் பதிவும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆதாரில் கும்பகோணம் இருப்பது உங்கள் ஆவணத்தைப் பற்றிய செய்தி, உங்கள் வசிப்பிடத்தைப் பற்றியது அல்ல. ஆவணம் எளிதாகக் கையில் இருக்கிறது என்பதற்காகப் பலர் சொந்த ஊர் முகவரியில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். படிவத்தின் இறுதியில் நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியில் எந்த மாதம், எந்த ஆண்டு முதல் இந்த முகவரியில் வசிக்கிறேன் என்று எழுத வேண்டியிருக்கும் என்பதையும், தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுப்பதற்கு அந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் பெற்றோரின் வீட்டு முகவரி, விடுதி முகவரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் செல்வதால் அந்தத் தேர்வு உங்களுக்குத் தேவைப்படாது.

ஆவணங்களில் வயதுச் சான்று உங்களுக்குச் சிக்கலே இல்லை. பிறப்புச் சான்றிதழ், பிறந்த தேதி அச்சிடப்பட்ட பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஆதார் ஆகியவற்றில் ஒன்றைப் பதிவேற்றினால் போதும். ஆதாரை வயதுக்கு மட்டும் காட்டும்போது அதில் உள்ள முகவரி வேறாக இருப்பதால் குற்றமில்லை. ஆனால் கும்பகோணம் முகவரி உள்ள ஆதாரைப் பார்க்கும் அலுவலருக்குத் தேவையற்ற கேள்வி எழக்கூடும் என்பதால், உங்கள் நிலையில் நான் பள்ளிச் சான்றிதழையே கொடுப்பேன்.

முகவரிச் சான்றுதான் சற்று யோசித்துச் செய்ய வேண்டியது. படிவம் ஏற்கும் ஆவணங்கள்: குறைந்தது ஓராண்டுக் காலத்துக்கான தண்ணீர், மின்சாரம் அல்லது எரிவாயு இணைப்பு ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, வருவாய்த்துறையின் நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். இவை உங்கள் பெயரில் இருக்கலாம். அல்லது தாய், தந்தை போன்ற நெருங்கிய உறவினரின் பெயரில் இருக்கலாம், ஆனால் அந்த உறவினர் அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராகப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளரின் பெயரில் இருக்கும், அவர் உங்கள் உறவினர் அல்லர். பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதப்பட்டிருந்தாலும் பதிவு செய்யப்படாததால் இந்தப் பட்டியலுக்குள் வராது. எரிவாயு இணைப்பு அம்மாவின் பெயரில் முகலிவாக்கம் முகவரியிலேயே இருக்கலாம். ஆனால் அவரே இன்னும் கும்பகோணத்தின் வாக்காளர்.

ஆகவே உங்கள் பெயரிலேயே ஓர் ஆவணத்தை உண்டாக்கிக்கொள்வதுதான் நல்ல வழி. உங்களுக்கு வங்கிக் கணக்கு இருந்தால் கிளையில் முகவரியை மாற்றித் தரச் சொல்லி, முகலிவாக்கம் முகவரி அச்சான கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பதிவேற்றுங்கள். இல்லையென்றால் ஆதாரின் முகவரியை முதலில் திருத்திக்கொண்டு அதையே கொடுக்கலாம். இரண்டும் உடனே இயலாது, தேர்தல் அறிவிப்பு நெருங்குகிறது என்றால், பட்டியலில் உள்ள ஆவணம் எதுவும் இல்லாதபோது களச் சரிபார்ப்பு கட்டாயம் என்று படிவமே சொல்கிறது. அந்த வாய்ப்பில் வாடகை ஒப்பந்தம், கல்லூரிச் சான்று போன்ற கையிலுள்ளவற்றை இணைத்து விண்ணப்பித்து, வீட்டுக்கு வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் விளக்கலாம். இதற்கிடையே உங்கள் பெற்றோர் படிவம் 8 வழியாகத் தங்கள் பதிவைக் கும்பகோணத்திலிருந்து ஆலந்தூருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பதிவு செய்யும் உங்களைப் போன்றவர்களுக்கான படிவம் 6-ஐ அவர்கள் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருப்பது சட்டப்படி கூடாது. அவர்களுடைய மாற்றம் முன்னதாக முடிந்துவிட்டால் உங்கள் படிவத்தில் குடும்ப உறுப்பினரின் அட்டை எண் கேட்கும் இடத்தில் அம்மாவின் எண்ணைக் கொடுக்கலாம்; அது உங்களை அதே பாகத்தில் சேர்க்க அலுவலருக்கு உதவும். மாறுவதற்கு முன் அந்த எண்ணைக் கொடுத்தால் அது கும்பகோணம் தொகுதியைச் சுட்டும் என்பதால் அதுவரை அந்த இடத்தை வெறுமையாக விடுவது நல்லது.

படிவம் 6-ஐ voters.eci.gov.in தளத்தில் கைபேசி எண்ணால் கணக்குத் தொடங்கி நிரப்பலாம். மாநிலம், மாவட்டம், தொகுதி ஆகிய மூன்றும் முதலிலேயே கேட்கப்படும். விண்ணப்பம் எந்த வாக்காளர் பதிவு அலுவலருக்குச் செல்கிறது என்பதை முடிவு செய்வது இந்த மூன்றுதான். பின்னால் வரும் முகவரிப் பகுதியில் வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சலகம், குறியீட்டு எண், வட்டம் ஆகியவற்றை நிரப்பும்போது, வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் உங்கள் தெருப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். மாநகராட்சி எண்களை மாற்றிய பகுதிகளில் பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கும். இரண்டையும் எழுதுவது சரிபார்க்க வருபவருக்கு உதவி. அடுக்குமாடி என்றால் குடியிருப்பின் பெயரையும் தளத்தையும் விடாதீர்கள். ஆங்கிலத்தில் நீங்கள் தட்டச்சு செய்வதைத் தளம் தானே தமிழாக்கும்; அதில் பெயர்கள் சிதைவது வழக்கம் என்பதால், அனுப்பும் முன் உங்கள் பெயரையும் தந்தை பெயரையும் தெருப் பெயரையும் தமிழில் ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது படிவம் 6-உடன் தனி உறுதிமொழிப் படிவம் ஒன்றும் கேட்கப்பட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் திரையில் அது வந்தால் அதையும் நிரப்ப வேண்டும். பெற்றோரின் பழைய வாக்காளர் பட்டியல் விவரம் அப்போது தேவைப்படும் என்பதால் அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியதும் ஒரு குறிப்பெண் கிடைக்கும். அதை வைத்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் நியமிக்கப்பட்டாரா, களச் சரிபார்ப்பு முடிந்ததா, ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பது படிப்படியாகத் தெரியும். தொகுதியைத் தவறாகத் தேர்ந்திருந்தால் அது வெளிப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உதாரணமாக நீங்கள் மதுரவாயல் என்று கொடுத்திருந்தால், விண்ணப்பம் அந்தத் தொகுதியின் ஓர் அலுவலர் கைக்குப் போகும். அவர் பாகத்தில் உங்கள் தெருவே இருக்காது. முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று அவர் எழுத, விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிலையில் நிராகரிப்பு என்று வந்தால் காரணத்தைப் படியுங்கள். ஆவணத்தைத் தவறாக மதிப்பிட்டதாக நீங்கள் கருதினால் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தொகுதியே தவறு என்றால் மேல்முறையீட்டில் பயனில்லை, சரியான தொகுதிக்குப் புதிய படிவம் கொடுப்பதே வழி. ஆனால் முதல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே இரண்டாவதை அனுப்பாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு விண்ணப்பங்கள் என்று இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். நியமிக்கப்பட்டவர் யார் என்று தெரிந்தவுடன் அவரை அழைத்து உங்கள் தெரு அவருடைய பாகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் பல வாரக் காத்திருப்பு மிச்சமாகும்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். 18 வயது நிறைவதை ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்களில் கணக்கிடுகிறார்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இந்த முறை 2022 ஆகஸ்டு முதல் நடப்பில் உள்ளது. தேர்தல் நாளன்று வயது நிறைந்திருப்பது போதாது. அந்தத் தேர்தலுக்கான தகுதி நாளில் நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்பதால் அடுத்து வரும் தகுதி நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறதா என்பதை மட்டும் உங்கள் பிறந்த தேதியை வைத்துப் பாருங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ 17 வயது நிறைந்தவராக இருந்தால் அவரும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகும் விண்ணப்பங்கள் ஏற்கப்படும், ஆனால் வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்தபின் அந்தத் தேர்தலுக்காகப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. சரிபார்ப்புக்கும் ஆட்சேபணைக்கும் நாட்கள் தேவைப்படுவதால் அந்தக் கடைசி நாளை நெருங்கவிடாமல் அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், அட்டை தபாலில் வருவதற்குக் காத்திராமல் electoralsearch.eci.gov.in தளத்தில் உங்கள் பெயரைத் தேடி, தொகுதி 28 - ஆலந்தூர் என்று இருப்பதையும், வாக்குச்சாவடி உங்கள் தெருவுக்கு உரியதாக இருப்பதையும் பார்த்துவிடுங்கள். பெயரிலோ வீட்டு எண்ணிலோ பிழை தென்பட்டால் அதற்கும் படிவம் 8 உண்டு.